612-ம் 571-ம்: ஒரு என்கோடர் என்னை அலைக்கழித்த கதை

ஒரே அளவுள்ள இரண்டு கம்பிச் சுருள் தேவைப்பட்டது. ஒவ்வொன்றிலும் 600 சுற்று. கையால் சுழற்றும் சின்ன கைப்பிடி, அதன் தண்டில் திரும்புவதைச் சொடுக்குச் சொடுக்காக மின் துடிப்பாக்கித் தரும் ஒரு ரோட்டரி என்கோடர், அதைப் படிக்க ஆர்டுயினோ ஊனோ, எண்ணைக் காட்ட ஒரு குட்டித் திரை. ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும் வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் போயிற்று. கூடவே கிட்டத்தட்ட 180 மீட்டர் செப்புக் கம்பியும் போயிற்று. அதைத் திரும்பப் பிரித்தபோது எனாமல் உரிந்துவிட்டதால் இன்னொரு முறை சுற்ற லாயக்கில்லாமல் ஆகிவிட்டது. யாராவது முதல் நாளே பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் சுருளைச் சுற்றி முடித்தபோது திரை 600 காட்டியது. சந்தோஷம். இரண்டாவதைத் தொடங்கும் முன் கைப்பிடியைச் சும்மா ஒரு சொடுக்குத் திருப்பிப் பார்த்தேன், சொடுக்குக் கணக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு ஏறியது. "ஓ, பவுன்ஸ், தொடுமுனை ஒரே தடவையில் மூடாமல் துடிக்கிறது" என்று தலையாட்டிக்கொண்டு, ஒரு முறை எண்ணியதும் 5 மில்லிநொடிக்கு எதையும் எண்ணாதே என்று ஒரு பூட்டு வரியைச் சேர்த்தேன். பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரு நினைப்பு. இந்தத் தடவை நிதானமாக, கம்பி வரிசை கலையாமல் சுற்றினேன். மறுபடியும் 600. இரண்டு சுருளையும் எல்சிஆர் மீட்டரில் போட்டால் ஒன்று 8.7 மில்லிஹென்றி, இன்னொன்று 10.0.

தூண்டல் அளவு சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறும். அதனால் 13 சதவீத வித்தியாசம் என்றால் சுற்றில் சுமார் 7 சதவீத வித்தியாசம், அதாவது நாற்பது சுற்றுப் பக்கம். நம்பவே முடியவில்லை. மீட்டரைச் சந்தேகப்பட்டேன், கம்பியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் இரண்டையும் கையால் பிரித்து எண்ணினேன். ஒரு சுருளுக்கு முக்கால் மணி நேரம். முதலாவதில் 571, இரண்டாவதில் 612. ஒன்றில் கருவி கூட எண்ணியிருக்கிறது, இன்னொன்றில் குறைத்து எண்ணியிருக்கிறது. ஒரே பக்கமாகத் தப்பியிருந்தால்கூட ஏதோ பெருக்கல் தவறு என்று விட்டிருப்பேன். இரண்டு பக்கமும் தப்பியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த ஒரு வாரம் வீண். புது என்கோடர் வாங்கி மாற்றினேன். கெப்பாசிட்டர் போட்டேன். பூட்டு நேரத்தை 5-லிருந்து 2 ஆக்கினேன், 10 ஆக்கினேன், 20 ஆக்கினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேகத்தில் சரியாக வரும், இன்னொரு வேகத்தில் கெட்டுப்போகும். நிரலைத் தொடாமல் ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பார்த்த அன்றுதான் விஷயம் புரிந்தது. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

என்கோடருக்குள் இரண்டு தொடுமுனை, ஏ, பி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மாதிரி திறந்து மூடும், ஆனால் ஒன்றுக்கொன்று கால் சுழற்சி தள்ளி. அதனால் ஒரு பக்கம் திருப்பினால் இரண்டின் நிலையும் சேர்ந்து 00, 01, 11, 10, மறுபடி 00 என்று வரும் (முதல் இலக்கம் ஏ, அடுத்தது பி). இந்த நான்கு நிலையும் சேர்ந்ததுதான் ஒரு சுழற்சி. எதிர்ப் பக்கம் திருப்பினால் இதே வரிசை பின்னோக்கி. நான் எழுதியிருந்தது பலரும் முதலில் எழுதுவதுதான்: ஏ முனை 1-லிருந்து 0-க்கு இறங்கும்போது மட்டும் இன்டரப்ட், அதாவது நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு சின்ன நிரல் துண்டு ஓடும், அந்த நேரம் பி 0 என்றால் ஒன்று கூட்டு, 1 என்றால் ஒன்று கழி. காகிதத்தில் இது ரொம்பச் சுத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது பவுன்ஸைச் சேர்த்துப் பாருங்கள். உலோகத் தொடுமுனை மூடும்போது ஒரே தடவையில் மூடாது. சில மில்லிநொடி வரை 0, 1, 0, 1, 0 என்று துடித்துவிட்டுத்தான் அடங்கும். முன்னோக்கித் திருப்பும்போது ஏ இறங்குவது 10-லிருந்து 00-க்கு, அப்போது பி 0. அங்கே மூன்று முறை துடித்தால் மூன்று முறை "இறங்கியது", மூன்று கூட்டல். சரி, இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குத் தெரியாதது அடுத்த பாதி. ஏ ஏறும்போதும் துடிக்கும். ஏறுவது 01-லிருந்து 11-க்கு, அப்போது பி 1. அந்தத் துடிப்பிலும் நடுவில் ஒரு இறக்கம் இருக்கிறது, இன்டரப்ட் அதையும் பிடித்துக்கொள்ளும், பி 1 என்பதால் ஒன்று கழிக்கும். ஆக முன்னோக்கிச் சுற்றும்போதே கருவி ஒரு இடத்தில் கூட்டிக் கூட்டி, இன்னொரு இடத்தில் கழித்துக் கழித்து விளையாடுகிறது. என் என்கோடரில் மூடும்போது துடிப்பு அதிகம், அதனால் முதல் சுருளில் கூட எண்ணியது, நான் 571-லேயே நிறுத்திவிட்டேன்.

பூட்டு போட்ட பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. ஏ இறங்கியதும் ஒன்று கூட்டி 5 மில்லிநொடி கண்ணை மூடிக்கொள்கிறது. நான் நிதானமாகச் சுற்றுவதால் ஏ மறுபடி ஏறுவதற்குள் அந்த 5 மில்லிநொடி எப்போதோ முடிந்திருக்கும். ஏறும்போது துடித்தால் ஒரு கழித்தல். கூட்டிய ஒன்றும் கழித்த ஒன்றும் சேர்ந்து பூச்சியம், அந்தச் சொடுக்கு நடக்கவே இல்லை என்று கணக்கு. மெதுவாக, கவனமாகச் சுற்றியதற்குத்தான் எனக்கு 612. பூட்டு நேரத்தை எவ்வளவு வைத்தாலும் இது தீராது. ஏனென்றால் கோளாறு நேரத்தில் இல்லை, நான்கு நிலையில் ஒரே ஒரு விளிம்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் இருக்கிறது.

தீர்வு என்னவென்றால், எந்த மாற்றத்தையும் விடாமல் பார்ப்பது. பழைய நிலைக்கு இரண்டு பிட், புது நிலைக்கு இரண்டு பிட், சேர்த்தால் நான்கு பிட், 16 சாத்தியம். அந்த 16-க்கும் விடையை ஒரு அட்டவணையில் எழுதி வைத்துவிடலாம்: முன்னோக்கிய அடி என்றால் 1, பின்னோக்கியது என்றால் -1, மாறவே இல்லை என்றால் 0. இரண்டு முனையும் ஒரே நேரத்தில் மாறியதாகத் தெரிந்தால் அது நடக்கக்கூடாதது, அதற்கும் 0.

இதில் பவுன்ஸ் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் சுவாரசியம். ஏ 10-லிருந்து 00-க்கு இறங்குகிறது: +1. துடித்து மீண்டும் 10-க்குப் போகிறது: -1. மறுபடி 00: +1. எத்தனை முறை துடித்தாலும் கடைசியில் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கணக்கும் நிற்கும். வடிகட்டி வேண்டாம், பூட்டு வேண்டாம், துடிப்பு தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. ஒரு வாரம் பவுன்ஸோடு மல்லுக்கட்டியவனுக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எல்லா மாற்றத்தையும் பார்க்க வேண்டும் என்றால் பின் சேஞ்ச் இன்டரப்ட் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊனோவில் உள்ள ஏடிமெகா 328பி சிப்பில் வெளி இன்டரப்டுக்கென்றே உள்ளவை இரண்டு பின்தான், ஆனால் பின் சேஞ்ச் வசதி எல்லா டிஜிட்டல் பின்களிலும் உண்டு. அது ஏறினாலும் கூப்பிடும், இறங்கினாலும் கூப்பிடும். எந்தப் பின் மாறியது, எந்தப் பக்கம் மாறியது என்று மட்டும் சொல்லாது. வேறு வேலைகளுக்கு அது ஒரு குறை. நமக்கோ அந்தத் தகவலே தேவையில்லை, இப்போதைய நிலை தெரிந்தால் போதும்.

```
const int8_t table[16] = {
   0,  1, -1,  0,
  -1,  0,  0,  1,
   1,  0,  0, -1,
   0, -1,  1,  0
};
volatile int32_t count = 0;
volatile uint16_t errors = 0;
uint8_t old;

ISR(PCINT1_vect) {
  uint8_t now = PINC & 3;
  if ((old ^ now) == 3) errors++;
  count += table[(old << 2) | now];
  old = now;
}

void setup() {
  pinMode(A0, INPUT_PULLUP);
  pinMode(A1, INPUT_PULLUP);
  delay(5);
  old = PINC & 3;
  PCMSK1 |= (1 << PCINT8) | (1 << PCINT9);
  PCICR  |= (1 << PCIE1);
}
```

ஏ முனை `A1`-ல், பி முனை `A0`-ல், பொது முனை கிரவுண்டில். திசை தலைகீழாக வந்தால் இரண்டு கம்பியையும் மாற்றிச் செருகினால் போதும். இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். இரண்டு கம்பியும் ஒரே போர்ட்டில் இருப்பதால் `PINC`-ஐ ஒரே தடவை படித்தால் இரண்டின் நிலையும் ஒரே கணத்தில் கிடைத்துவிடுகிறது. நான் முதலில் `digitalRead` இரண்டு தடவை போட்டிருந்தேன். முதல் வாசிப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு முனை மாறினால், எந்தக் கணத்திலும் இல்லாத ஒரு நிலை கிடைத்துவிடும். 7, 8 என்று அடுத்தடுத்த பின்கள்தானே என்று செருகினாலும் இதே வில்லங்கம்தான், அவை இரண்டும் வேறு வேறு போர்ட், வேறு வேறு இன்டரப்ட். இன்னொன்று, இன்டரப்டைத் திறக்கும் முன் `old`-ல் உண்மையான நிலையைப் படித்து வைப்பது. புல்லப் இருக்கும் என்கோடர் ஓய்வில் பொதுவாக 11-ல் நிற்கும். `old`-ஐ 0 என்று விட்டுவிட்டால் முதல் அசைவிலேயே கணக்கு பிசகும்.

இப்போது ஒவ்வொரு சுழற்சிக்கும் நான்கு அடி. என் என்கோடரில் ஒரு சுற்றுக்கு 20 சொடுக்கு, ஒவ்வொரு சொடுக்கும் ஒரு முழுச் சுழற்சி, ஆக ஒரு சுற்றுக்கு 80. உங்களுடையதில் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 30 சொடுக்கும் 15 சுழற்சியும் உள்ள வகையும் உண்டு, அதில் சொடுக்குக்கு இரண்டு அடிதான். தண்டில் ஒரு கோடு, பெட்டியில் ஒரு கோடு போட்டு, சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி எண்ணைப் பாருங்கள். எனக்கு 800 வந்தது. அப்படியே பத்துச் சுற்றுப் பின்னால் சுற்றினால் பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டும். இதை ஆமை வேகத்தில் ஒரு தடவை, வெறி பிடித்தது போல ஒரு தடவை செய்து பார்த்தேன். பழைய நிரல் இந்தச் சோதனையில் ஒருமுறைகூடப் பூச்சியத்துக்குத் திரும்பவில்லை. கம்பியைத் தொடுவதற்கு முன்னால் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் 180 மீட்டர் மிச்சம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் அடுத்த சுருளைத் தொடங்கினேன். மேலே நிரலில் `count` ஒரு `int32_t`. அன்று அது வெறும் `int`. 409 சுற்று வரை திரை ஒழுங்காக ஏறியது, அடுத்த கணம் -409. கையில் கம்பியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தச் சிப்பில் `int` 16 பிட், 32,767-க்கு மேல் தாங்காது. அதை 80-ஆல் வகுத்தால் 409-தான். பத்துச் சுற்றுச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. எத்தனை சுற்றுத் தேவையோ அதை 80-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்லவேளை, 409-ல் கம்பியை நிறுத்தி ஒட்டுநாடா போட்டுவிட்டு, நிரலைத் திருத்தி, மீதி 191-ஐத் தனியாக எண்ணி அந்தச் சுருளைக் காப்பாற்றிவிட்டேன்.

32 பிட்டாக மாற்றியதும் கடைசிப் பூதம் கிளம்பியது. 600-ஐத் தொட்டதும் மணி அடிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். கம்பி இல்லாமல் பல தடவை ஓட்டிப் பார்த்தேன், சரியாகவே அடித்தது. ஒரு தடவை மட்டும் முன்கூட்டியே அடித்தது. திரையில் 598. ஏதோ கை நடுக்கம் என்று விடப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி, அதே 598. வேறு எந்த எண்ணிலும் இல்லை. கோளாறு எப்போதும் ஒரே எண்ணில் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

காரணம் இது. எட்டு பிட் சிப், 32 பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்காது, நான்கு பைட்டாகப் படிக்கும், கடைசிப் பைட்டிலிருந்து தொடங்கி. 600 சுற்று என்றால் 48,000. அதற்குச் சற்று முன்னால் 47,872 என்று ஒரு எண் இருக்கிறது. அது 256 தடவை 187. அதற்கு முந்தைய எண் 47,871-ல் கடைசிப் பைட் 255, மேல் பைட் 186. முதன்மை நிரல் கடைசிப் பைட் 255-ஐப் படித்துவிட்டது, அந்த நொடியில் இன்டரப்ட் வந்து எண்ணை 47,872 ஆக்கிவிட்டது, திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் 187. சேர்த்தால் 187 தடவை 256, அதோடு 255: மொத்தம் 48,127. அது 48,000-ஐத் தாண்டியதால் மணி அடித்துவிட்டது. 47,872-ஐ 80-ஆல் வகுத்துப் பாருங்கள், 598.4. இதே கிழிசல் ஒவ்வொரு 256-லும் நடக்கலாம், ஆனால் மற்ற இடங்களில் திரையில் ஒரு கணம் எண் மூன்று சுற்றுத் தாவி மறைவதோடு போய்விடும், கண்ணுக்கே தெரியாது. `volatile` போட்டிருக்கிறேனே என்று வாதாடிக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு தடவையும் நினைவகத்திலிருந்து படிக்கச் சொல்லுமே தவிர, படிக்கும்போது நடுவில் யாரும் நுழையக் கூடாது என்று சொல்லாது. அதற்கு நாம்தான் கதவைச் சாத்த வேண்டும்:

```
noInterrupts();
int32_t c = count;
interrupts();
```

நகலை எடுத்தவுடன் திறந்துவிட வேண்டும். வகுப்பது, திரையில் எழுதுவது எல்லாம் `c`-ஐ வைத்து வெளியே. சாத்தியிருக்கும்போது ஒரு மாற்றம் வந்தால் அது தொலையாது, கொடி ஒன்று எழும்பி நிற்கும், திறந்ததும் இன்டரப்ட் ஓடும். ஆனால் இரண்டு மாற்றம் வந்தாலும் கொடி ஒன்றுதான். அதனால்தான் `errors` என்று ஒரு எண்ணியை வைத்திருக்கிறேன். இரண்டு முனையும் சேர்ந்து மாறியதாகத் தெரிந்தால், நடுவில் ஒரு அடியை நாம் பார்க்கத் தவறிவிட்டோம் என்று பொருள். அது திரையின் மூலையில் எப்போதும் தெரியும்படி விட்டிருக்கிறேன்.

அது உடனே ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்தது. அழகுக்காக 60 எல்இடி உள்ள ஒரு ஒளி வளையம் மாட்டியிருந்தேன், சுற்று ஏற ஏற நிறம் மாறும். அந்த வகை எல்இடிக்குத் தரவு அனுப்பும்போது லைப்ரரி இன்டரப்டை மூடிவிடும், ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோநொடி. 60-க்கு 1.8 மில்லிநொடி. நொடிக்கு ஐந்து சுற்று என்று வேகமாகச் சுற்றினால் ஒரு அடிக்குச் சராசரியாக 2.5 மில்லிநொடிதான், அதுவும் மலிவு என்கோடரில் நான்கு அடியும் சம இடைவெளியில் வராது. வளையம் எரிந்தால் `errors` ஏறியது, கழற்றினால் நின்றது. இப்போது 8 எல்இடி மட்டும் வைத்திருக்கிறேன். ஒன்று தெரிந்திருக்கட்டும்: நாம் பார்ப்பதற்குள் மூன்று அடி நடந்துவிட்டால் அது எதிர்ப்பக்கம் ஒரு அடி மாதிரியே தெரியும், நான்கு நடந்துவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி தெரியும். `errors` அதைப் பிடிக்காது. ஆனால் அந்த அளவுக்குப் போகும் முன் இரண்டு அடி சேர்ந்து நடந்தது எங்கேயாவது தலைகாட்டாமல் இருப்பது அபூர்வம்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். சொடுக்கு உள்ள, உலோகம் உரசும் என்கோடர் இந்த வேலைக்கு உகந்ததே இல்லை. அது வால்யூம் குமிழுக்காகச் செய்தது. தரவுத்தாளில் ஆயுள் 15,000 சுற்று, 30,000 சுற்று என்றுதான் போட்டிருப்பார்கள். 600 சுற்றுச் சுருளுக்கு 15,000 என்றால் 25 சுருள். தேய்ந்துபோன தொடுமுனை ஓரிடத்தில் மூடவே மூடாது, அதை எந்த அட்டவணையும் சரிசெய்யாது. பிறகு ஒளியால் படிக்கும் என்கோடருக்கு மாறினேன். ஒரு சுற்றுக்கு எத்தனை அடி என்ற எண்ணைத் தவிர நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

காப்பாற்றிய சுருளுக்கு ஜோடியாக இன்னொன்றைப் பழைய என்கோடரிலேயே சுற்றினேன். மூலையில் `errors` பூச்சியத்தில் நின்றது. மீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. மிச்சம் கிடந்த நைந்த கம்பியை எடுத்து இன்னொரு 600 சுற்றி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பிரித்து எண்ணினேன். 600.